முக்கால்வாசி திறக்கும் கதவு

எங்கள் அறைக் கதவு முக்கால்வாசிதான் திறக்கும். அதற்கு மேல் தள்ளினால் கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் 'டொக்' என்று இடிக்கும். கலியாணமாகி, கிளிநொச்சியில் என் கணவருக்கு வேலையில் கொடுத்த குவாட்டர்ஸின் மேல்மாடிக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். அந்த இடைவெளிக்குள்ளால் கொஞ்சம் சரிந்து போய்வரப் பழகிவிட்டோம். வயிற்றில் பிள்ளையோடு இருந்த மாதங்களில்கூட நான் அப்படித்தான் போய்வந்தேன். ஒரு கதவு முழுதாகத் திறக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

வீடு என்றால் ஒரு ஹோல், ஒரு அறை, குசினி, குளியலறை. அவ்வளவுதான். ஹோலில், அறைச் சுவரோடு ஒட்டி, அவருடைய அம்மா, என் மாமியின் கட்டில். எதிர்ப்பக்கம் இரண்டு கதிரையும் ரீவியும். ஜன்னலுக்குக் கீழே என் மேசை. சாப்பாட்டு மேசை வைக்க இடமில்லை. சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்து சாப்பிடுவோம். ஆனபடியால் அந்த வீட்டில் தாள் விரித்து ஒரு கோடு நேராகக் கீற முடிந்த ஒரே இடம் அந்த மேசைதான்.

கட்டடப் படவரைஞர் பயிற்சிக்கு நான் போகத் தொடங்கியபோது பிள்ளைக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. மாமி பார்த்துக்கொள்வதாகச் சொன்னா. அவர் ஓம் என்றார். இருவரும் மனமாகத்தான் சொன்னார்கள். ஆனாலும், ஒவ்வொரு நாளும் படியிறங்கும்போது, திரும்பிப் போய்விடலாமா என்று ஒருமுறையாவது நினைப்பேன். வகுப்பில் இருக்கும்போது பிள்ளை அழுகிறாளோ என்று யோசிப்பேன். வீட்டில் இருக்கும்போது முடிக்காத படத்தை யோசிப்பேன். இந்தப் பயிற்சியை முடித்தால் ஒரு வேலை கிடைக்கலாம். முடிக்காவிட்டால், நடுவில் விட்டவள் என்ற பெயரோடு அதே படிகளில் ஏறி இறங்க வேண்டும். எல்லாம் அந்த மேசையையே நம்பியிருந்தது. வகுப்பில் நேரம் போதாது. கடைசிப் படங்களை வீட்டில்தான் முடிக்க வேண்டும்.

அந்தத் தவணையில் நாங்கள் கீறிக் கொடுக்க வேண்டிய ஒப்படை, ஒரு சிறிய மாடிவீட்டின் தளப்படத்தில் தளபாடங்களை ஒழுங்குபடுத்துவது. அளவுத்திட்டம் ஒன்றுக்கு ஐம்பது. தாளில் இரண்டு சென்ரிமீற்றர் என்றால் நிலத்தில் ஒரு மீற்றர். சொந்த வீட்டையே அளந்து கீறலாம் என்று எங்களுக்குப் படிப்பித்த மிஸ் சொன்னா. எங்களைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். பகிடியும் விடுவா, படத்தில் பிழை கண்டால் முகத்தையும் மாற்றமாட்டா.

"தளபாடத்தை நிரப்பிக் காட்டுறது பெரிய விசயமில்லை," என்று பலகையில் கீறிக்கொண்டே சொன்னா. "அதுகளுக்கு நடுவிலை ஆக்கள் எப்பிடி நடப்பினம் எண்டு காட்டவேணும். பிரதான நடைவழி தொளாயிரம் மில்லிமீற்றர். கட்டிலுக்குப் பக்கத்திலை ஆகக் குறைஞ்சது அறுநூறு. அலுமாரியிலை லாச்சி இருந்தா, அந்த இழுப்பறையை வெளியிலை இழுத்த நிலையிலை, விட்டுவிட்டு வாற முறிகோட்டிலை கீறுங்கோ. கதவு திறக்கிற வளைவுக்குள்ளை ஒரு செருப்புக்கூடக் கிடக்கக் கூடாது."

எல்லோரும் சிரித்தோம்.

நான் எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடித்துச் சுவர்களை அளந்தோம். பிள்ளை நாடாவுக்குக் கீழே குனிந்து குனிந்து ஓடினாள். அறை கிழக்கு மேற்காக இரண்டாயிரத்து எழுநூறு மில்லிமீற்றர், வடக்கு தெற்காக மூவாயிரத்து முந்நூறு. வாசல் கிழக்குச் சுவரில். கதவுப் பலகை எழுநூற்றைம்பது. சுவர்களைக் கீறினேன். ஜன்னல்களைக் கீறினேன். தளபாடங்களுக்கு, கடையில் வாங்கிய பச்சைப் பிளாஸ்ரிக் தகட்டை எடுத்தேன். கட்டில், கதிரை, கழுவுதொட்டி எல்லாம் அந்த அளவுத்திட்டத்திலேயே துளையாக வெட்டப்பட்டிருக்கும். துளைக்குள் பென்சிலை ஓடவிட்டால் போதும். இரண்டு தலையணையோடு ஒரு கட்டில் தாளில் வந்துவிடும். கதவுக்கு ஒரு நேர்கோடும் கால்வட்டமும் கீறினேன். அந்தக் கால்வட்டம் கட்டிலின் கால்மாட்டைத் தொடாமல், ஒரு மில்லிமீற்றர் விலகி நின்றது.

என் கைபட்ட படங்களில் அதுதான் துப்புரவானது என்று நினைத்தேன்.

மிஸ் படத்தை மேசையில் விரித்து, அளவுகோலை வைத்து வைத்துப் பார்த்தா.

"இது உங்கட சொந்த வீடுதானே?"

"குவாட்டர்ஸ், மிஸ். ஓம், நாங்கள் இருக்கிறதுதான்."

"கட்டிலுக்கும் கதவுச் சுவருக்கும் நடுவிலை எண்ணூறு. கதவு வடிவாத் திறக்குதோ?"

வாயைத் திறந்தேன். ஓம் என்று சொல்ல வந்தது. ஆனால் காதுக்குள் அந்த 'டொக்' கேட்டது.

"இல்லை, மிஸ். இடிக்கும்."

"அப்ப இந்தக் கட்டில் ஆரின்ரை கட்டில்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் காது சூடாகியது. தினமும் சரிந்து சரிந்து போய்வரும் வாசலை, கையில் தகடு இருந்தபடியால் முழுதாகத் திறந்து கீறியிருக்கிறேன். சுவரை அளந்தவள் கட்டிலை அளக்கவில்லை.

"தகட்டிலை இருக்கிறது மெத்தை அளவு," என்றா மிஸ், குரலை இறக்கி. "எங்கட ஆக்கள் செய்விக்கிற கட்டிலுக்குத் தலைமாட்டுப் பலகை, கால்மாட்டுப் பலகை எல்லாம் இருக்கும். போய் அளந்துகொண்டு வாங்கோ."

அன்றைக்கே அளந்தேன். இரண்டாயிரத்து ஐம்பது. என் கலியாணத்துக்கு அப்பா புதுக்குடியிருப்பில் சொல்லிச் செய்வித்த தேக்குக் கட்டில் அது. கால்மாட்டுப் பலகை நிலத்துக்குக் கிட்ட வரை இறங்கும். அதில் இரண்டு மயில் செதுக்கியிருக்கும். அதோடு சோடியாக வந்தது லாச்சி அலுமாரி. இடுப்பளவு உயரம், வரிசைக்கு இரண்டாக ஆறு லாச்சி. இரண்டையும் லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து, படியில் திருப்ப முடியாமல் கயிறு கட்டி மேலே இழுத்தது ஊருக்கே தெரியும். அம்மா தொலைபேசியில் பிள்ளையை விசாரித்த பிறகு கட்டிலையும் அலுமாரியையும் விசாரிப்பா. வித்துவிடலாம், ஊருக்கு அனுப்பிவிடலாம் என்ற கதையை அந்த வீட்டில் யாரும் எடுக்க முடியாது. எடுத்தால் முதலில் அழுவது நானாகத்தான் இருக்கும்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மிஞ்சியது அறுநூற்றைம்பது. எழுநூற்றைம்பது நீளமான கதவு அதற்குள் எப்படித் திரும்பும்? சரியான அளவில் கட்டிலைக் கீறியபோது, கால்வட்டம் மயில்களை வெட்டிக்கொண்டு போனது.

அழிறப்பரால் அழித்தால் தாள் பஞ்சாகிவிடும் என்று, கட்டிலையும் அலுமாரியையும் மட்டையில் அதே அளவுக்கு வெட்டி, படத்தின்மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். கட்டில் மட்டை என் பெருவிரலை விடக் கொஞ்சம் பெரியது. மேற்கே தலைமாடு வைத்தால் கதவு இடிக்கிறது. தெற்குச் சுவரில், கட்டும்போதே வைத்த சுவரலுமாரி இருக்கிறது. அங்கே தலைமாடு வைத்தால் அதன் கதவுகள் திறக்காது. கிழக்கில் வாசல். வடக்கே தலைமாட்டைத் திருப்பி, லாச்சி அலுமாரியைத் தெற்கு மூலைக்குத் தள்ளினால் எல்லாம் சரி. கதவு முழுதாகத் திறக்கிறது. லாச்சியை இழுக்க இடமிருக்கிறது. கட்டில் பக்கத்தில் ஒரு மீற்றருக்கு மேல் நடைவழி.

மிஸ்ஸும் அதையே சொன்னா. "இப்பிடித் திருப்பினா முடிஞ்சுதே. ஏன் தயங்குறியள்?"

"வடக்கு, மிஸ்."

மிஸ் படத்தின் மூலையில் நான் கீறியிருந்த வடதிசை அம்பைப் பார்த்தா. வடக்கே தலை வைத்துப் படுப்பது எங்கள் பக்கத்தில் யாருடைய வீட்டிலும் இல்லை. செத்தவரைக் கிடத்துகிற திசையென்று சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். மிஸ் பெருமூச்சு விட்டா.

"எங்கட வீட்டிலையும் உதுதான். புத்தகத்திலை கட்டிலுக்குத் திசையில்லை. சரி, வேறை வழி பாருங்கோ."

நான் அதை நம்புகிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நம்பவில்லை என்றுதான் தோன்றியது. ஆனால் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால், அந்தத் திசையைத் திருப்பியது நான்தானே என்று நினைப்பேன் என்பதும் தெரிந்தது. மட்டையை மறுபடி மேற்குக்குத் திருப்பினேன்.

இதெல்லாம் ஒரு படத்துக்குக் கிடைக்கும் புள்ளிகளுக்கான பிரச்சினை என்றுதான் அப்போது இருந்தேன்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம். மாமி குசினியில் தேநீர் வைத்துக்கொண்டிருந்தா. நான் மேசையில் இருந்தேன். பிள்ளை அறைக்குள் விளையாடினாள். கீழ்லாச்சியை இழுத்து அதற்குள் இருந்து 'பஸ் போகுது, பஸ் போகுது' என்று சொல்வது அவளுடைய வழக்கம். ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு கதவு சாத்துப்பட்டது. பிறகு, "அம்மா."

அந்தக் குரலிலேயே எழும்பிவிட்டேன். கதவைத் தள்ளினேன். கை நுழையும் அளவுக்குத் திறந்து நின்றுவிட்டது. இன்னும் தள்ளினேன். அசையவில்லை. இடைவெளியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். அவள் லாச்சியை முழுதாகக் கழற்றி, வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அது கதவுக்கும் கட்டிலின் கால்மாட்டுப் பலகைக்கும் நடுவில் நெடுக்காகக் கிடந்தது. நான் தள்ளத் தள்ள அது பலகையோடு இறுகியது. அவள் அதற்கு அப்பால் நின்று, என்னைக் கண்டதும் வீரிட்டு அழுதாள்.

"மாமி! மாமி, பிள்ளை உள்ளுக்கை மாட்டுப்பட்டிட்டாள்!"

மாமி கரண்டியோடு ஓடிவந்தா. இருவரும் சேர்ந்து தள்ளினோம். எங்கோ மரம் நெரியும் சத்தம் கேட்டது.

"தள்ளாதை பிள்ளை, தள்ளாதை! உடைஞ்சு குழந்தையின்ரை காலிலை விழப்போகுது."

கதவைக் கழற்றலாமென்றால் பிணைச்சல்கள் உள்பக்கம். ஜன்னலுக்குக் கம்பி. வெளியே மாடியின் வெறும் சுவர். அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். இரணைமடுப் பக்கம் வேலைத்தளத்தில் இருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கையை இடைவெளிக்குள்ளால் விட்டு நீட்டினேன். அவளுடைய விரல்கள் என் விரல்களைப் பிடித்தன. அவற்றை அவள் விடவில்லை. விட்டால்தான் நான் ஏதும் செய்யலாம். விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் அந்த மட்டைகள் நினைவுக்கு வந்தன. அறுநூற்றைம்பதுக்குள் ஐந்நூற்றைம்பது நீளமான பெட்டி கிடக்கிறது. தள்ளினால் எங்கும் போகாது. ஆனால் அதன் உயரம் ஒரு சாண்கூட இல்லை. ஒரு முனையைத் தூக்கிக் கட்டிலோடு நிமிர்த்தி வைத்தால் கதவு திறக்கும். நிறைய உடுப்பு இருந்தது. அந்தப் பாரத்தை ஒற்றைக் கையால் தூக்க முடியாது.

"குஞ்சு, இஞ்சை பாருங்கோ. பஸ்ஸிலை சனம் கூடிப்போச்சு. எல்லாரையும் இறக்கிவிடுவமே?"

அழுகை விக்கலாகியது.

"சட்டை எல்லாத்தையும் எடுத்துக் கட்டிலிலை எறியுங்கோ பாப்பம்."

"எறியலாமோ?" என்று கேட்டாள். உடுப்பை எறிந்தால் நான் பேசுவேன் என்பது அவளுக்குத் தெரியும்.

"எறி ராசாத்தி, எல்லாத்தையும் எறி!" என்று மாமி என் தலைக்கு மேலால் கத்தினா. "கொம்மா ஒண்டும் சொல்லமாட்டா. சொன்னா நான் பாக்கிறன்."

அவள் என் விரலை விட்டாள். ஒவ்வொன்றாக எறிந்தாள். அவளுடைய சட்டைகள், என் சீலைச் சட்டைகள், நான் மடித்து வைத்த துவாய்கள். பாதியில் சிரிக்கவும் தொடங்கிவிட்டாள். நான் தோள்மூட்டு வரைக்கும் கையை நுழைத்து, லாச்சியின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன். இரண்டு தரம் வழுகியது. மூன்றாம் தரம் நிமிர்ந்து, மயில்களின்மேல் சாய்ந்து நின்றது. கதவு திறந்தது. முக்கால்வாசிகூட இல்லை. போதும்.

அவர் வந்தபோது பிள்ளை மாமியின் மடியில் இருந்து பிஸ்கற் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தோளில் இருந்த சிராய்ப்பை நான் காட்டவில்லை. அவர் கதவைத் திறந்து, மூடி, திறந்து பார்த்தார். பிறகு நாடாவை எடுத்தார்.

"நல்ல காலம், வேறை ஒண்டும் நடக்கேல்லை. அலுமாரியை இனி அறைக்குள்ளை விடேலாது."

"லாச்சிக்கு ஏதும் பூட்டுப் போட்டா?"

"கட்டில் இடிக்கிறது இடிக்கிறதுதானே. இண்டைக்கு லாச்சி. நாளைக்குக் கதிரையை இழுத்துக்கொண்டு வருவாள். அலுமாரியை வெளியிலை எடுத்தா, அது நிண்ட வடக்குச் சுவர்ப்பக்கம் கட்டிலைத் தள்ளலாம். கால்மாடு வாசலுக்கு நேரை வராது."

அவர் சொன்னது சரி. என் மட்டைகளும் அதையே சொல்லியிருந்தன. தலைமாட்டை மேற்கிலேயே விட்டு, கட்டிலை வடக்கே ஒதுக்கினால் கதவு முழுதாகத் திறக்கும். ஆனால் வெளியே எடுத்த அலுமாரி ஹோலில் எங்கே நிற்கும்? இழுத்த லாச்சிக்கும் அதற்கு முன்னால் குனிகிற ஆளுக்கும் தொளாயிரம் வேண்டும். ஹோலில் அப்படி ஒரு இடம்தான் இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் பார்த்தோம்.

"கொஞ்ச நாளைக்குத்தானே," என்றார் அவர். "படிப்பு முடியுமட்டும் நிலத்திலை விரிச்சுக் கீறமாட்டீரோ?"

நிலத்தில் விரித்தால் பிள்ளை மிதிப்பாள். பலகையில்லாமல் சமாந்தரக் கோடு நேராக வராது. இதையெல்லாம் சொல்லலாம். ஆனால் பின்னேரம் அந்த இடைவெளிக்குள்ளால் பார்த்த முகத்துக்கு முன்னால், மேசை வேண்டும் என்று ஒரு தாய் எப்படிச் சொல்வாள்? நான் மேசையில் இருந்தபோதுதானே அது நடந்தது.

"ஓம், பாப்பம்," என்றேன்.

தாள்களைச் சுருட்டத் தொடங்கினேன். மாமி பார்த்துக்கொண்டே இருந்தா.

"ஏன் தம்பி, அந்தக் கதவு ஆருக்கு?"

அவருக்கு விளங்கவில்லை. "எந்தக் கதவு?"

"அறைக் கதவுதான். கதவு இல்லாட்டி என்னத்தை இடிக்கும்? கழட்டிப்போட்டு ஒரு சீலையைத் தொங்கவிடுங்கோவன். பிள்ளையின்ரை மேசையை ஏன் தூக்கிறியள்? அது பாவம், படிக்குது."

அவர் வாசலைப் பார்த்தார். நானும்தான். மாமியின் கட்டில் அந்த வாசலோடு ஒட்டிக் கிடந்தது. கதவை வெளிப்பக்கம் திறக்க வைக்கலாமென்றால் அவவுடைய கட்டிலில்தான் இடிக்கும். அவவின் தலையணைக்கும் எங்கள் கட்டிலுக்கும் நடுவில் இருந்தது அந்தப் பலகை ஒன்றுதான்.

மாமிக்கு எங்கள் பார்வை விளங்கியிருக்க வேண்டும்.

"நான் என்ன, எட்டிப் பாக்கப்போறனே? எனக்குக் கண்ணாடி போட்டாலும் ரீவி தெரியாது," என்று சொல்லி, தானே சிரித்தா.

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? நான் கேட்காமலே, என் படிப்புக்காக என்று ஒருவர் கொடுக்கிறார். வேண்டாம் என்றால் என்ன காரணம் சொல்வேன்? வேண்டும் என்று சொன்னதாகவும் எனக்கு நினைவில்லை. அடுத்த நாள் அவர் பிணைச்சல் ஆணிகளைக் கழற்றினார். குவாட்டர்ஸ் சாமான் என்பதால் பலகையை எறியவும் முடியாது, கீழ்வீட்டுக்குக் கொடுக்கவும் முடியாது. வீட்டை விட்டுப் போகும்போது திரும்பப் பொருத்த வேண்டும். எங்கே வைப்பது என்று எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். நான் மட்டையைப் பார்த்தேன். கட்டிலை நாற்பது மில்லிமீற்றர் முன்னால் இழுத்தால், அதன் தலைமாட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கதவை நெடுக்காக நிறுத்தலாம். இனிக் கால்மாடு முன்னால் வந்தாலும் இடிக்க ஒன்றுமில்லை.

அப்படித்தான் வைத்தோம். வாசலில் என் பழைய நீலச் சீலை ஒன்று தொங்கியது. மின்விசிறி போட்டால் அது மெல்ல உள்ளே ஊதிவரும். பிள்ளை அதற்குள்ளால் ஓடி ஓடி வந்தாள். நாங்கள் இருவரும் குரலைத் தாழ்த்தப் பழகினோம். பிறகு சில கதைகளைக் கதைக்காமலே விடப் பழகினோம். ஒரு நாள் சின்ன விடயமொன்றுக்கு எனக்கு அழுகை வந்தது. தலையணையில் முகத்தைப் புதைத்து அடக்கிக்கொண்டிருந்தபோது, சீலைக்கு அப்பால் மாமி, "பிள்ளை, மூக்கு அடைக்குதே, தடிமனே? கொத்தமல்லி அவிச்சுத் தரட்டே?" என்று கேட்டா. "இல்லை மாமி, ஒண்டுமில்லை," என்றேன். கொஞ்ச நேரத்தில் குசினியில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது.

படத்தை என் மேசையில் இருந்தே முடித்தேன். கட்டில் இந்த முறை தகட்டிலிருந்து வரவில்லை. அளந்து, மயில் பலகையின் தடிப்பையும் சேர்த்துக் கீறினேன். லாச்சிகளை முறிகோட்டில் இழுத்துக் காட்டினேன். வாசலில் கால்வட்டம் இல்லை. சுவர் நின்று, மறுபடி தொடங்குகிற இரண்டு சின்னக் கோடுகள் மட்டும்.

மிஸ் அளவுகோலை வைத்துப் பார்த்தா. தலையை ஆட்டினா.

"நல்லது. இப்ப ஆள் நடக்கலாம். அறைக்குக் கதவு இல்லையோ?"

"கழட்டியாச்சு, மிஸ்."

"கழட்டி?"

கட்டிலின் தலைமாட்டில், சுவரோடு ஒட்டி நான் கீறியிருந்த ஒல்லியான நீள்சதுரத்தைக் காட்டினேன். தாளில் அது ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கூட வராது. தடித்த கோடு என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

மிஸ் அதன்மேலும் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்குக் குறியீடு ஒண்டும் இல்லையே," என்றா. "பக்கத்திலை எழுதிவிடுங்கோ."

பென்சிலைத் தீட்டி, சின்ன எழுத்தில் 'கதவு' என்று எழுதினேன். படத்தில் இரண்டு தலையணைகளும் அதில் சாய்ந்திருந்தன.